பத்தில் எட்டு நகர்த்தல் ராணிக்கே போன ஆட்டம்

செஸ் ஆடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைக்கிறேன். தோற்ற ஆட்டங்களைத் திரும்ப அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவை பத்தாவது நகர்த்தலுக்குள்ளேயே கைவிட்டுப் போயிருந்தன. அதில் மிக மோசமான ஒன்று இது. நான் கறுப்பு.

வெள்ளை சிப்பாயை e4-க்குத் தள்ளினார். நான் d5. அவர் அதை வெட்ட, நான் ராணியால் திருப்பி வெட்டினேன். பலகையின் நடுவில் ராணி நிற்பதைப் பார்க்கவே கம்பீரமாக இருந்தது. அவர் குதிரையை c3-க்குக் கொண்டுவந்தார். அது நேராக ராணியைக் குறி வைத்தது. நான் e5-க்குப் போய்ச் செக் வைத்தேன். அவர் பிஷப்பை e2-வில் வைத்து மறைத்தார். பிஷப் நகர்ந்ததால் g2 சிப்பாய்க்குக் காவல் இல்லை! உடனே ராணியை g5-க்குக் கொண்டுபோனேன். அவர் குதிரையை f3-க்கு எடுத்து மறுபடியும் ராணியைத் தாக்கினார். நான் g2-வை வெட்டினேன். ஒரு சிப்பாய் லாபம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அப்புறம் நடந்ததெல்லாம் துரத்தல்தான். யானை g1-க்கு வந்தது, ராணி h3-க்கு ஓடியது. யானை g3-க்கு ஏறியது, ராணி h6-க்குப் போனது. அவர் d4 தள்ளினார். நடுக்கட்டத்தையும் பிடித்துக்கொண்டார், பின்னாலிருந்த பிஷப்புக்கு வழியும் திறந்து அதுவும் என் ராணியைப் பார்த்தது. நான் ராணியை d6-க்கு நகர்த்தினேன். அவர் குதிரை b5. இதற்கு மேல் அலைய வேண்டாம் என்று ராணியை d8-க்கே, கிளம்பிய இடத்துக்கே, கொண்டுவந்து வைத்தேன். அவர் பிஷப்பை f4-க்குக் கொண்டுவந்தார். பத்தாவதாக நான் குதிரையை f6-க்கு எடுத்தேன். அவருடைய குதிரை c7 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைத்தது. மூலையில் இருந்த என் யானையும் அதன் குறியில். ராணியால் அந்தக் குதிரையை வெட்டினால் f4 பிஷப் ராணியைத் தூக்கிவிடும். யானை போனது.

அடுக்கி வைத்து எண்ணினேன். என் பத்து நகர்த்தல்களில் ஒன்று சிப்பாய், ஒன்று குதிரை, மீதி எட்டும் ராணி. அவருக்கோ இரண்டு குதிரை, இரண்டு பிஷப், ஒரு யானை என்று ஐந்து காய்கள் வெளியே. ராணியைத் தாக்க அவர் தனியாக நேரம் செலவழிக்கவே இல்லை. எப்படியும் வெளியே எடுக்க வேண்டிய காய்களைத்தான் எடுத்தார்; ஒவ்வொன்றுக்கும் நான் ராணியை நகர்த்திப் பதில் சொன்னேன். ராணி விலை உயர்ந்த காய் என்பதால், சின்னக் காய் எது தாக்கினாலும் அதுதான் ஓட வேண்டும்.

நடுவின் மதிப்பு எனக்குப் புரிந்தது குதிரையை வைத்துத்தான். வெறும் பலகையில் குதிரையை f3-யில் வைத்து, அது தாவக்கூடிய கட்டங்களை எண்ணினேன்: எட்டு. அதில் d4, e5 இரண்டும் நடுக்கட்டங்கள். ஓரத்தில் h3-யில் வைத்தால் நான்குதான்; அதில் நடுக்கட்டம் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து குதிரையை ஓரத்துக்கு எடுக்கக் கை வருவதில்லை.

சரி, ராணியைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைத்து வெள்ளையில் ஆடினேன். e4, அவர் e5. நான் குதிரை f3, அவர் குதிரை c6. நான் பிஷப் c4. அவர் அதே குதிரையை d4-க்குத் தள்ளினார். e5 சிப்பாய் சும்மா கிடந்தது, குதிரையால் வெட்டினேன். அவர் ராணி g5-க்கு வந்து என் குதிரையையும் g2-வையும் சேர்த்துத் தாக்கியது. நான் குதிரையால் f7-ஐ வெட்டினேன். ராணி g2-வை வெட்டியது, யானையை f1-க்கு நகர்த்தினேன், ராணி e4-ஐ வெட்டிச் செக். பிஷப்பை e2-வில் மறைத்தேன். அவர் குதிரை f3-க்கு வந்தது, மேட். ஏழே நகர்த்தல்!

இங்கே சீக்கிரம் வந்த ராணி ஜெயித்துவிட்டதே என்று முதலில் குழம்பினேன். பார்த்தால், என் ஏழில் மூன்று நகர்த்தல் ஒரே குதிரைக்குப் போயிருக்கிறது. அவர் ராணியைத் துரத்த என்னிடம் வெளியே காயே இல்லை. முந்தைய ஆட்டத்தில் நான் செய்ததைத்தான் இதில் குதிரையை வைத்துச் செய்திருக்கிறேன்.

இந்த வாரம் அதே d4 குதிரை மறுபடி வந்தது. e5-ஐத் தொடாமல், f3 குதிரையால் அந்தக் குதிரையையே வெட்டினேன். அவர் சிப்பாயால் திருப்பி வெட்ட, நான் காஸ்லிங் செய்தேன். g2-வுக்கு ராஜாவே காவல். அவர் ராணி அப்போதும் g5-க்கு வந்தது. நான் d3 தள்ளினேன்; c1 பிஷப் அதைப் பார்க்க, ராணி எழுந்து ஓடியது.