நான்காவது சீட்டும் பன்னிரண்டாவது சீட்டும்

வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 15 பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மாதம் ஒரு முறை 100 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்து, முடிவுகளை ஒரு நோட்டில் எழுதி வருவதும், அவற்றைக் கொண்டு புள்ளியியலைத் தனியாகக் கற்பதும் என் பொழுதுபோக்கு. நன்றாகப் படிப்பவர்களுக்கும் பின்தங்கியவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறதா என்பதுதான் இந்த ஆண்டு நான் அறிய விரும்பியது.

ஜூன் மாத மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதினால் இப்படி வரும்: 38, 44, 47, 51, 53, 55, 58, 60, 62, 64, 67, 70, 72, 76, 83. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் கிடைக்கும் வீச்சு 45. ஜூலையில் வந்தவை: 4, 49, 53, 56, 57, 59, 61, 63, 64, 65, 66, 68, 71, 75, 83. இங்கே வீச்சு 79. ஒரு மாத உழைப்புக்குப் பிறகு வகுப்பின் சிதறல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது என்று நோட்டில் எழுதிவிட்டு, அன்றிரவு மிகவும் மனம் வருந்தினேன்.

மறுநாள் விடைத்தாள்களை மீண்டும் புரட்டியபோதுதான் அந்த 4 எப்படி வந்தது என்பது நினைவுக்கு வந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு மாணவன் முதல் வினாவுக்கு மட்டும் விடை எழுதிவிட்டு, உட்கார முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டான். மீதமுள்ள 14 பேரும் ஜூனைவிட நெருங்கியே நின்றார்கள். ஆனால் வீச்சு அவர்களில் 13 பேரைப் பார்க்கவே இல்லை. அது கேட்பது இரண்டே தாள்களைத்தான், அந்த இரண்டும் வரிசையின் இரு ஓரங்களில் இருப்பவை. காய்ச்சல், தாமதம், வினாத்தாளைத் தவறாகப் புரிந்துகொண்டது போன்ற அன்றைய தற்செயல்கள் ஒரு மதிப்பெண்ணை எங்கே தள்ளினாலும், தள்ளப்பட்டது வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இந்த ஓரங்கள்தாம். மேலும், வகுப்பில் புதிதாக யார் சேர்ந்தாலும் வீச்சு கூடலாம் அல்லது அப்படியே இருக்கலாம், ஒருபோதும் குறையாது. எண்ணிக்கை வேறுபடும் இரண்டு வகுப்புகளை வீச்சைக் கொண்டு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வரிசையை நான்கு பங்குகளாகப் பிரிக்கும் கால்மானங்களை எடுத்துப் பார்க்கத் தீர்மானித்தேன். ஜூன் மதிப்பெண்களை 15 காகிதச் சீட்டுகளில் எழுதிப் பாயில் வரிசையாக அடுக்கினேன். மொத்தம் n மதிப்பெண்கள் இருந்தால், பாடநூல் முறைப்படி முதல் கால்மானம் (n + 1)/4 ஆவது இடத்தில் இருக்கும் எண். 16-ஐ 4-ஆல் வகுத்தால் 4, எனவே நான்காவது சீட்டு: 51. மூன்றாம் கால்மானம் 3(n + 1)/4 ஆவது, அதாவது பன்னிரண்டாவது சீட்டு: 70. இரண்டின் வேறுபாடாகிய 19 தான் கால்மான இடைவீச்சு. வகுப்பின் நடுப்பாதி இவ்வளவு அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். ஜூலையில் அதே இடங்களில் 56-உம் 68-உம் இருந்தன. இடைவீச்சு 12. சிதறல் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

இது ஏன் அசையாமல் நிற்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிய விரும்பினேன். ஜூன் வரிசையின் முதல் சீட்டிலிருந்த 38-ஐ அழித்து 4 என்று எழுதினேன். சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, ஏனெனில் அது ஏற்கெனவே கடைசி நிலைதான். நான்காவது சீட்டு 51 என்றே காட்டியது. கால்மானம் ஒரு மதிப்பெண் எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்பதில்லை, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று மட்டுமே கேட்கிறது. அடுத்து 44, 47 ஆகிய இரண்டையும் சுழியாக்கினேன். அப்போதும் 51 தான். ஆனால் நான்காவது சீட்டையும் சேர்த்து நான்கையும் சுழியாக்கியவுடன் முதல் கால்மானம் சுழிக்கு இறங்கி, இடைவீச்சு 19-லிருந்து ஒரே தாவலில் 70 ஆயிற்று. அதன் தாங்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ கால் பங்குவரை கெட்டுப்போன மதிப்பெண்களைப் பொறுத்துக்கொள்ளும், அதைக் கடந்தால் முற்றிலும் உடையும்.

தாங்குவது என்றால் சிறிதும் நகராது என்பதல்ல என்பதையும் ஒரு தவறு எனக்குக் காட்டியது. ஜூன் மதிப்பெண்களைக் கணினியின் விரிதாளில் ஏற்றும்போது 62 என்பதை 6 என்று தட்டச்சு செய்துவிட்டேன். நடுவில் இருந்த ஒரு சீட்டு ஓரத்துக்குப் போனதால், அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் ஓர் இடம் தள்ளின. நான்காவது இடத்துக்கு 47 வந்தது. இடைவீச்சு 19-லிருந்து 23 ஆயிற்று, வீச்சு 45-லிருந்து 77 ஆயிற்று. கால்மானம் பக்கத்துச் சீட்டுவரை மட்டுமே நகர்ந்தது. அந்தப் பக்கத்துச் சீட்டு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சிறியது பிழை.

பிழையைத் திருத்திய பிறகும் விரிதாள் 19 என்று சொல்லாமல் 16.5 என்றது. அரை மணி நேரம் எண்களைச் சரிபார்த்த பின்னரே தவறு எண்களில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

```
=QUARTILE.INC(B2:B16,3)-QUARTILE.INC(B2:B16,1)
=QUARTILE.EXC(B2:B16,3)-QUARTILE.EXC(B2:B16,1)
```

முதல் வரி நான்காவது சீட்டுக்கும் ஐந்தாவது சீட்டுக்கும் நடுவில் நின்று 52 என்றும், மேலே 67-க்கும் 70-க்கும் நடுவில் 68.5 என்றும் எடுக்கிறது. இரண்டாம் வரி பாடநூல் முறையோடு ஒத்துப்போய் 19 தருகிறது. இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள்தாம். ஆனால் ஒரு மாதத்தைக் கையாலும் அடுத்த மாதத்தை முதல் வரியாலும் கணக்கிட்டால், வகுப்பில் நடக்காத மாற்றம் நோட்டில் தோன்றிவிடும். இப்போது நோட்டின் முதல் பக்கத்திலேயே எந்த முறை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. இடைவீச்சு 12 என்று எழுதும்போது, காய்ச்சலோடு வந்த அந்தப் பிள்ளை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறான். ஓர் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியவனே அவன்தான். இதற்குப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி, கால்மானங்களை ஒரு பெட்டியாக வரைந்து காட்டும் கட்டப்படத்துக்காக வகுத்த வேலி முறை உதவியது. இடைவீச்சின் ஒன்றரை மடங்கை முதல் கால்மானத்திலிருந்து கழிக்க வேண்டும், மூன்றாம் கால்மானத்தோடு கூட்ட வேண்டும். ஜூலைக்கு அது 38-உம் 86-உம். 83 வேலிக்குள் நிற்கிறது, 4 வெளியே நிற்கிறது. வெளியே நிற்கும் எண்ணை நான் அழிப்பதில்லை. அதைத் தனி வரியில், காரணத்தோடு எழுதுகிறேன். வீச்சைக் கொண்டு இப்படி வேலி போட முடியாது, ஏனெனில் விலகிய மதிப்பெண் வேலியையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

உடல் தேறிய பிறகு அந்த மாணவனுக்கு அதே அளவு கடினமான வேறு வினாத்தாள் கொடுத்தேன். 52 எடுத்தான். 4 இருந்த சீட்டை எடுத்துவிட்டுப் புதியதை 49-க்கும் 53-க்கும் இடையில் வைத்தேன். ஜூலையின் வீச்சு 79-லிருந்து 34-க்கு இறங்கியது. நான்காவது சீட்டு 56, பன்னிரண்டாவது 68, இடைவீச்சு முன்பு எழுதிய அதே 12.