ஷட்டவுன் அட்டவணையில் நான் பார்க்கத் தவறிய பாதை

காகித ஆலை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் இருந்தபோது, கொதிகலனின் வருடாந்திர ஷட்டவுனுக்கு அட்டவணை போடும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை ஒவ்வொரு ஃபோர்மேனிடமும் ஒரே ஒரு எண்ணைக் கேட்டுக் கூட்டிவிடுவோம். குளிரவிட்டுத் திறக்க 3 நாள், குழாய்த் தடிமனை அளக்க 2, தேய்ந்த குழாய்களை மாற்ற 6, நீரழுத்தச் சோதனை செய்து மூட 3. மொத்தம் 14.

அந்த ஆண்டு பெர்ட் முறைப்படி மூன்று எண்கள் கேட்டேன். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை அது. வெல்டிங் ஃபோர்மேனிடம் மோசமான நிலையைத்தான் முதலில் கேட்டேன். வழக்கமான எண்ணை முதலில் சொல்லிவிட்டால், மற்ற இரண்டும் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

"அளந்து பாக்கும்போது இன்னொரு வரிசையும் தேஞ்சிருந்தா 14 நாள் ஆயிடும் சார்" என்றார். எல்லாம் கூடிவந்தால் 4, வழக்கமாக 6. சூத்திரத்தில் 4 என்பது a, 6 என்பது m, 14 என்பது b.

```
(a + 4m + b) / 6 = (4 + 24 + 14) / 6 = 7
```

மற்ற மூன்று வேலைகளும் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்; அவற்றின் சராசரி மாறவில்லை. ஆக எதிர்பார்க்கும் காலம் 15 நாள். அடுத்தது சிதறல். ஒவ்வொரு வேலைக்கும் (b − a) / 6 கண்டு, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3.11. அதன் வர்க்கமூலம் 1.76 நாள். கூட்டியதில் பெரும்பங்கு குழாய் மாற்றும் வேலையுடையது. இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்த்தால், 14 நாளில் முடிய வாய்ப்பு 28 சதவீதம்தான். இத்தனை வருடம் அந்த எண்ணைத்தான் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நிர்வாகம் 16 நாள் கொடுத்தது. அதற்கு 72 சதவீதம்.

கொதிகலன் வேலை 15ஆம் நாளே முடிந்தது. ஆனால் அடுப்பை மூட்டியது 18ஆம் நாள்.

காரணம், கொதிகலனின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன். அதன் வேலை கொதிகலன் வேலைக்கு இணையாக நடக்கும் தனிப் பாதை. அதன் ரோட்டரைக் கழற்ற 2 நாள், வெளியே பட்டறையில் பேலன்சிங் செய்துவர 5, 8, 17 என்ற கணக்கில் சராசரி 9, திரும்ப மாட்ட 3; கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு நாள் முன்பின் ஆகலாம். மொத்தம் 14 நாள். கொதிகலன் பாதையைவிட ஒரு நாள் குறைவு என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். அதன் சிதறலோ 2.05 நாள், கொதிகலனுடையதைவிட அதிகம். 16 நாளில் அது முடிய வாய்ப்பு 83 சதவீதம். இரண்டும் முடிந்தால்தான் அடுப்பு எரியும் என்பதால் 0.72 × 0.83, அதாவது ஏறக்குறைய 60 சதவீதம். நான் மேலே அனுப்பிய தாளில் 72 என்று இருந்தது. நீளமான பாதையை மட்டும் பார்த்தால் பெர்ட் எப்போதும் இப்படித்தான் கூடுதல் நம்பிக்கை தரும். அப்புறம், இந்தப் பெருக்கலும் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று பாதிக்காதவரைதான் செல்லும். ஒரே கிரேனுக்கு இரண்டு குழுவும் காத்திருந்தால் செல்லாது.

மறு ஆண்டு பட்டறையில் முன்கூட்டியே தேதி வாங்கிவிட்டேன். அவர்களுடைய மோசமான கணக்கு 17இலிருந்து 11ஆக இறங்கியது. ஃபேன் பாதை 16 நாளுக்குள் முடிவது கிட்டத்தட்ட நிச்சயமானது. கொதிகலன் வேலையில் எதையும் மாற்றாமலே 60 சதவீதம் 71 ஆனது.