இரண்டாம் இரவின் அழுகை

"பால் போதவில்லை, பவுடர் பால் கொடுத்துவிடட்டுமா?" நேற்று ஒரு தாய் கேட்டார். பிரசவமாகி இரண்டாம் இரவு. குழந்தை மணிக்கொருமுறை அழுகிறது. பாட்டி புட்டியைக் கழுவித் தயாராக வைத்துவிட்டாராம். (பாட்டிகளின் வேகம் யாருக்கு வரும்!)

அந்த இரவில் குழந்தை ஓயாமல் மார்பைத் தேடுவது இயல்பு. அப்போது சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் வரும். அந்த வயிற்றுக்கு அதுவே போதும். பால் பெருகுவது பெரும்பாலும் 3 முதல் 5ஆம் நாளுக்குள். அதற்குள் தேவையின்றிப் புட்டி கொடுத்தால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும்.

அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். சிறுநீரைப் பாருங்கள்: இரண்டாம் நாள் குறைந்தது 2 முறை, 5ஆம் நாளிலிருந்து 6 முறை. மலமும் 5ஆம் நாளுக்குள் கருப்பு மாறி மஞ்சளாகிவிட வேண்டும்.

இந்தக் குழந்தை 3 முறை சிறுநீர் கழித்திருந்தது. காம்பை மட்டும் கவ்வியிருந்ததுதான் சிக்கல். வாயை அகலத் திறக்கவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி அணைத்ததும் விழுங்கும் சத்தம் கேட்டது.

பாலுக்கு எழாமல் துவண்டு தூங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உடல் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், தாய்ப்பாலையும் தொடரலாம்.