இருமலில் இருந்த குரல்

அண்ணனோடு வீட்டுப் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்த மறுநாள் காலையில் என் குரல் போய்விட்டது. தொண்டை வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பிடுவதிலும் எந்தச் சிரமமும் இல்லை. அத்தையைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உதடும் நாக்கும் சரியாக அசைந்தன, வந்தது வெறும் காற்றுதான். கிசுகிசுப்பாக எதை வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது. சத்தம் மட்டும் சேரவில்லை.

முந்தின வாரம் லேசாகச் சளி பிடித்திருந்தது. அதன் மிச்சம் என்றே எல்லோரும் நினைத்தோம். பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை கொடுத்து, குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். பேசாமல் அந்த வேலை நடக்காது, அதனால் லீவு போட்டேன். மாத்திரை தீர்ந்தது, குரல் வரவில்லை. பாகம் விஷயத்தில் கோபம், அதான் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்று உறவில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்லவும் குரல் இல்லாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது, குரல் போனதைவிட அதிகமாக வலித்தது.

அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, திரையில் என் தொண்டையைக் காட்டினார். குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாக, வீக்கமோ கட்டியோ இல்லாமல் இருந்தன. “ஈ சொல்லுங்க” என்றார். முயன்றேன். நாண்கள் கொஞ்சம் நெருங்கி வந்து, ஒட்டாமல் நடுவில் இடைவெளி விட்டு நின்றன. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று சும்மா போய்க்கொண்டிருந்தது. “இப்ப இருமுங்க” என்றார். இரண்டும் டக்கென்று மூடின, இருமல் கணீரென்று கேட்டது.

அவர் முடிவெடுத்தது அந்த இருமலை வைத்துத்தான். குரல் நாணுக்குப் போகும் நரம்பு செயலிழந்திருந்தால் ஒரு பக்கம் அசையாது, இருமினாலும் காற்று ஒழுகும், இருமல் பலமில்லாமல் இருக்கும். என் நாண்கள் இருமலுக்கும் சிரிப்புக்கும் ஒழுங்காகச் சேர்கின்றன, பேச நினைக்கும்போது மட்டும் சேருவதில்லை. இதைச் செயல்பாட்டுக் குரலிழப்பு என்று சொன்னார். உறுப்பில் கோளாறு இல்லை, அதை இயக்கும் விதத்தில் சிக்கல். மன அழுத்தத்துக்குப் பிறகு வருவது உண்டு, பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம், சளி இருமலைத் தொடர்ந்து ஆரம்பிப்பதும் உண்டு என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, “இவங்க நடிக்கல. பேசணும்னு நினைச்சாலும் இவங்களால முடியல. ஓய்வு எடுத்தா சரியாகாது, பயிற்சி கொடுத்தாத்தான் சரியாகும்” என்று தெளிவாகச் சொன்னார். அவர் எழுதிக்கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும்விட அந்த நாலு வார்த்தைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்பீச் தெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். “பேசிப் பாருங்க” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேச வேண்டும் என்று நான் முயன்றாலே தொண்டை இறுகிவிடும், அதனால் பேச்சு அல்லாத சத்தத்திலிருந்து தொடங்கணும் என்று பிறகு விளக்கினார். முதலில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் குரல்வளையின் இரண்டு பக்கமும் பிடித்து, மெதுவாக வட்டமாக நீவி, கீழ்நோக்கி இறக்கினார். அந்த இடம் அவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பது அவர் தொட்டபோதுதான் தெரிந்தது. குரல்வளையே மேலே ஏறி நின்றிருந்ததாம்.

நீவிக்கொண்டே லேசாக இருமச் சொன்னார். சத்தம் வந்தது. அடுத்த இருமலின் வாலைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார், “ஹ்ஹ்ம்ம்” என்று. முதலில் சத்தம் இருமலோடு அறுந்துபோனது. கொஞ்ச நேரம் தண்ணீரை வாயில் வைத்து அண்ணாந்து கொப்பளிக்க வைத்தார். அந்தக் கரகரப்பில் என் குரல் இருந்தது, எனக்கே கேட்டது. மறுபடி இருமல், மறுபடி அதன் வால். இந்த முறை “ம்ம்” அறுந்துபோகாமல் நின்றது. மூக்கின் பக்கத்தில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் ஊர் மாரியம்மன் திருவிழாவைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பித்தார். “நீங்க சும்மா உம் கொட்டுங்கக்கா, போதும்.” நான் உம் கொட்டினேன். கதையில் மனசு போனதும் “உம்” தானாகச் சத்தமாக வந்தது. அந்த “ம்”மோடு ஒரு உயிரெழுத்தை ஒட்ட வைத்தார்: ம்ம்மா, ம்ம்மீ, ம்ம்மூ. பிறகு மாமா, மாமி, மணி, மல்லி, மழை. குரல் நடுவில் கீச்சென்று ஏறியது, உடைந்தது. அவர் அதைத் திருத்தவில்லை, வரும் சத்தம் எப்படி இருந்தாலும் விட்டுவிடாமல் அடுத்த சொல்லுக்குப் போனார். ஒன்று, இரண்டு எண்ணினேன். ஞாயிறு, திங்கள் சொன்னேன். யோசிக்காமல் வாயில் வரும் வரிசைகள் என்பதால் அவை சுலபமாக வந்தன. அப்புறம் என் பெயர், தெருப் பெயர், காலையில் என்ன சமைத்தேன் என்று சின்னச் சின்ன வாக்கியங்கள்.

அந்த முதல் அமர்விலேயே குரல் வந்துவிட்டது. பலருக்கு அப்படித்தான் வரும், சிலருக்கு அதிக அமர்வுகள் தேவைப்படும் என்றார். ஆனால் அதோடு என்னை அனுப்பிவிடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு அவரோடு பேச வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டார், எனக்கும் தொண்டை அடைத்தது. உடனே தெரபிஸ்ட், “உம் கொட்டுங்கக்கா” என்றார். சத்தம் திரும்பி வந்தது. பிறகு போனில் அத்தையோடு, பிறகு ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வரவேற்பு இடத்தில் என்று பேச வைத்தார். அறைக்குள் வந்த குரல் வீட்டுக்குப் போனதும் நழுவிவிடுவது உண்டு, அதனால் இடத்தையும் ஆளையும் மாற்றிப் பழக்கணும் என்பது அவர் சொன்ன காரணம்.

குரல் வந்த பிறகுதான், அந்தப் பாகப்பிரிவினை நாளைப் பற்றிக் கேட்டார். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி அன்று நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. தங்கச்சிக்கு இதில் என்ன பேச்சு என்று அண்ணன் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். அதைத் தெரபிஸ்டிடம் சத்தமாகச் சொன்னபோது குரல் இரண்டு இடத்தில் காற்றாகியது, ஆனால் தொடர முடிந்தது. இதைத் தொடர்ந்து பேச மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். எல்லோருக்கும் காரணம் இப்படி ஒரே நாளில் கையில் அகப்படாது என்றும், காரணம் தெரியாவிட்டாலும் குரலை மீட்கலாம் என்றும் சொன்னார்.

சில மாதம் கழித்து, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மறுபடி ஒரு காலை காற்றுதான் வந்தது. இந்த முறை ஓய்வு எடுக்கவில்லை. குரல்வளையை நீவி, தண்ணீர் கொப்பளித்து, இருமலின் வாலைப் பிடித்து “ம்ம்” வரைக்கும் வந்தேன். மத்தியானத்துக்குள் பேச்சு சரியானது. இருந்தாலும் தெரபிஸ்டைப் போய்ப் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் கேமரா பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். இருமலிலும் சத்தம் பலவீனமாக இருந்தாலோ, விழுங்கும்போது புரை ஏறினாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, குரல் கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். மூச்சு விடச் சிரமம் என்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, சொற்கள் குழறினாலோ நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்.