ஒன்பதே காலுக்குத்தான் திறக்கும்: வினாத்தாளுக்கு நேரப்பூட்டு போட்ட கதையும் மழை விடுமுறையும்

சென்னையில் தன்னாட்சிக் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தேர்வு காலை 10 மணிக்கு. எக்ஸ்டர்னல் கையில் 9.15-க்கு வினாத்தாள் கிடைத்தால், படித்துப் பார்த்து, கேட்ட கருவியெல்லாம் லேபில் இருக்கிறதா என்று விசாரித்து, 30 படி எடுத்துவிடலாம். முந்தின நாள் மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அது எத்தனை கைபேசிக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. 9.50-க்கு அனுப்பினால் பிரிண்டர் முன்னால் வரிசை நிற்கும். ஆகவே கோப்பு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் 9.15 வரை திறக்கக் கூடாது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது மேகச் சேமிப்பில் வைத்து நேரம் குறித்த இணைப்பு கொடுப்பது. இங்கே ஒரு குழி இருக்கிறது. இந்தச் சேவைகளில் பலவற்றில் ‘எதுவரை’ என்று சொல்ல வழி உண்டு, ‘எப்போதிலிருந்து’ என்று சொல்ல வழி இல்லை. அமேசான் எஸ்3-யின் முன்கையொப்ப இணைப்பை வழக்கமான முறையில் எடுத்தால் முடிவு நேரம் மட்டும்தான் (அதிகபட்சம் 7 நாள்). கொடுத்த நொடியிலிருந்தே அது வேலை செய்யும். அஷ்யூர் கீ வால்ட்டில் ரகசியச் சொல்லுக்கு ‘இதற்கு முன் செல்லாது’ என்று ஒரு தேதி போடலாம். ஆனால் அது வெறும் தகவல்தான். அந்தத் தேதிக்கு முன்பே கேட்டாலும் ரகசியத்தைக் கொடுத்துவிடும் என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. எஸ்3-யில் கொள்கை எழுதி உண்மையாகவே நேரத்தடை போடலாம், அது நன்றாக வேலையும் செய்யும். ஆனால் அந்தக் கணக்கின் நிர்வாகி நினைத்தால் கொள்கையை இரவில் மாற்றிவிட்டுக் காலையில் திருப்பி வைத்துவிடலாம். நம்முடைய பயமே உள்ளிருக்கும் ஆளைப் பற்றியதாக இருக்கும்போது இது போதாது.

ஆகவே நாங்கள் போனது டிராண்ட் வலையமைப்பை வைத்துச் செய்யும் நேரப்பூட்டுக்கு. கிளவுட்ஃபிளேர், சுவிட்சர்லாந்தின் ஈ.பி.எஃப்.எல், சிலி பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில அமைப்புகள் சேர்ந்து 2019-இல் தொடங்கியது இது. இவர்களுடைய சர்வர்கள் கூட்டாக 3 நொடிக்கு ஒரு முறை ஒரு கையொப்பத்தை வெளியிடுகின்றன. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சுற்று எண். எந்தச் சுற்று எந்த நொடியில் வரும் என்பது முன்பே தெரியும். அதன் கையொப்பம் என்னவாக இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கோப்பைச் சுற்று எண்ணை வைத்துப் பூட்டினால், அந்தச் சுற்றின் கையொப்பம்தான் சாவி. பூட்டிய நமக்கும் சாவி கிடையாது. உறுப்பு அமைப்புகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பேர் கூடிச் சதி செய்தால் முன்கூட்டியே திறக்க முடியும். ஒரு கல்லூரியின் இயற்பியல் செய்முறைத் தாளுக்காக அப்படி யாரும் கூடப்போவதில்லை.

ஒரு தேதியை வைத்தே கணக்குப் போடலாம். 2025 நவம்பர் 24, திங்கட்கிழமை, காலை 9.15.

```
date -u -d '2025-11-24 09:15 +0530' +%s
# 1763955900
echo $(( (1763955900 - 1692803367) / 3 + 1 ))
# 23717512
```

டிராண்டின் ஒவ்வொரு கையொப்ப வரிசையும் ஒரு சங்கிலி; 3 நொடிக்கு ஒன்று வருவது குவிக்நெட் என்ற சங்கிலியில். 1692803367 என்பது அது தொடங்கிய நொடி. அதிலிருந்து கடந்த நொடிகளை 3-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் சுற்று எண். முதல் வரியில் `+0530` விட்டுப்போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. `-u` இருப்பதால் 9.15-ஐ யூ.டி.சி. என்று எடுத்துக்கொள்ளும், பூட்டு நம் ஊர் நேரப்படி பிற்பகல் 2.45-க்குத் திறக்கும். ஐந்தரை மணி நேரம் என்றால் 6600 சுற்று. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்; வித்தியாசம் சரியாக 6600 என்று வந்தால் எங்கே தவறியது என்று தேடவே வேண்டாம்.

நேரப்பூட்டு போடும் கருவியின் பெயர் `tle`. அதற்குச் சுற்று எண்ணுக்குப் பதில் `-D` என்று கால அளவு கொடுத்தும் பூட்டலாம், ‘இன்னும் 40 மணி நேரம்’ என்கிற மாதிரி. அதைத் தொடாதீர்கள். அது பூட்டுகிற கணினியின் கடிகாரத்தை நம்பிக் கணக்குப் போடும். கடிகாரம் 20 நிமிடம் பின்தங்கிய பழைய கணினி எந்தத் துறையிலும் ஒன்று இருக்கும்.

இனி மழை. நேரப்பூட்டின் பலம்தான் சென்னையில் அதன் பலவீனமும். போட்ட பூட்டைத் தள்ளிப்போட முடியாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு முந்தின இரவோ விடியற்காலையிலோ வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் கல்லூரிகள் மூடிக்கிடந்தன. தேர்வு இல்லை என்பது டிராண்டுக்குத் தெரியாது. 9.15-க்குக் கையொப்பம் வந்துவிடும், வீட்டில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எக்ஸ்டர்னலும் கோப்பைத் திறக்கலாம். அத்தனை தாள்களும் வீண்.

அதனால் பூட்டு இரண்டு. உள்ளே `age` என்ற குறியாக்கக் கருவி போடும் ஒரு கடவுத்தொடர், வெளியே நேரப்பூட்டு.

```
CHAIN=52db9ba70e0cc0f6eaf7803dd07447a1f5477735fd3f661792ba94600c84e971
age -p -o phy1.age phy1.pdf
tle -e -c $CHAIN -r 23717512 -o phy1.tle phy1.age
```

`age` கடவுத்தொடர் கேட்கும்போது எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் அதுவே பத்துச் சொல்லில் ஒன்றை உருவாக்கித் தரும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்; துறையின் பெயரும் வருடமும் சேர்ந்த ‘எளிதான’ ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது. அந்தத் தொடர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மூடிய உறையில் இருக்கும். சங்கிலி எண்ணை வெளிப்படையாகக் கொடுப்பது முக்கியம், பழைய பதிப்புகள் வேறு சங்கிலியை எடுத்துக்கொள்ளக்கூடும்.

இப்போது எந்தத் தனி ஆளும் முன்கூட்டித் திறக்க முடியாது. அலுவலரிடம் தொடர் இருக்கிறது, நேரம் ஆகவில்லை. எக்ஸ்டர்னலிடம் கோப்பு இருக்கிறது, தொடர் இல்லை. இதில் இன்னொரு வசதியும் உண்டு: தொடரை 9.15 வரை காத்திருந்து அனுப்ப வேண்டியதில்லை. 9 மணிக்கே குறுஞ்செய்தியில் அனுப்பிவிடலாம், தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பாதகமில்லை. ஆனால் 8.30-க்கு முன் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம், விடுமுறை அறிவிப்பு எவ்வளவு தாமதமாக வரும் என்பதை இந்த ஊர் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு விடுமுறை என்று வையுங்கள். தொடர் அனுப்பப்படாது. 9.15-க்கு வெளிப்பூட்டு தானாகத் திறந்துவிடும். மின்னஞ்சலில் ஏற்கெனவே போய்விட்ட படிகளைக் காப்பது இனி அந்தக் கடவுத்தொடர் ஒன்றுதான். யார் எத்தனை நாள் உட்கார்ந்து யூகித்தாலும் பத்துச் சொல் தாங்கும். ‘Physics2025’ அன்று மாலைக்குள் விழுந்துவிடும். தேர்வு வியாழனுக்கு மாறினால் புதிய சுற்று எண், புதிய தொடரோடு மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும், பழைய உறையைக் கிழித்துப் போட வேண்டும். ஆனால் அந்த உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தால், நல்லெண்ணத்தில் யாரோ தொடரைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தால்கூட, அந்தத் தாளை மறந்துவிட்டு இரண்டாம் தொகுப்பை எடுப்பதுதான் சரி. மழைக்காலத் தேர்வுக்கு எப்போதும் இரண்டு தொகுப்பு தயாரிக்கச் சொல்வது இதற்காகத்தான். தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள்.

தேர்வு நடக்கும் நாளில் ஒவ்வொரு லேபிலும் நாம் முன்பே மென்பொருள் நிறுவி, `CHAIN` என்ற மாறியில் சங்கிலி எண்ணையும் பதித்து வைத்த விண்டோஸ் மடிக்கணினி ஒன்று. எக்ஸ்டர்னலின் சொந்தக் கணினியை நம்புவது வீண் வேலை. கமாண்ட் பிராம்ப்டில் அவர் தட்டுவது இரண்டே வரி:

```
tle -d -c %CHAIN% -o phy1.age phy1.tle
age -d -o phy1.pdf phy1.age
```

முதல் வரியில் `too early to decrypt` என்று வந்தால் உடனே கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். அது ஏமாற்றும் செய்தி. கையொப்பத்தைக் கொண்டுவர முடியாவிட்டாலும் இந்த வாசகம் வரலாம். கல்லூரி ஃபயர்வால் தெரியாத முகவரிகளைத் தடுத்து வைத்திருப்பது சர்வ சாதாரணம். பிரித்தறிய வழி: உலாவியில் `https://api.drand.sh/` என்பதற்குப் பின்னால் சங்கிலி எண், `/public/`, சுற்று எண் என்று சேர்த்துத் திறந்து பாருங்கள். 9.15 தாண்டியும் கையொப்பம் தெரியவில்லை என்றால் இணையம்தான் சிக்கல், கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். வரவேண்டிய கையொப்பம் 48 பைட்தான், மிக மெதுவான சிக்னல் போதும். இதையெல்லாம் தேர்வு நாளில் கண்டுபிடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை கல்லூரி நேரத்திலேயே, பத்து நிமிடத்தில் திறக்கும்படி பூட்டிய ஒரு வெற்றுத்தாளை எல்லா லேபிலும் திறக்கவைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வரியில் தவறுவது பெரும்பாலும் கைபேசியால். தொடரில் சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு இருக்கும், எல்லாம் சிறிய எழுத்து. கைபேசியில் தட்டி அனுப்பினால் முதல் எழுத்து தானாகப் பெரியதாகிவிடும். அலுவலர் கணினியிலிருந்து நகலெடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு செய்தும் பூட்டு காப்பது பூட்டிய பிறகான கோப்பை மட்டும்தான். தாளைத் தயாரித்தவரின் மடிக்கணினியில் கிடக்கும் மூல வேர்ட் கோப்பு, அவர் தனக்கே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல், துறைப் பிரிண்டரின் நினைவகம் இவற்றுக்கு நேரப்பூட்டு ஒன்றும் செய்யாது. தயாரிப்பதே இணையம் இல்லாத ஒரு கணினியில், அங்கேயே `age` பூட்டைப் போடுவது, இணையம் கேட்கும் `tle` வரியை மட்டும் வேறு கணினியில் ஓட்டுவது என்று வைத்தால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. மாதக்கணக்கில் முன்கூட்டிப் பூட்டுவதும் வேண்டாம். டிராண்ட் ஒரு சங்கிலியை நிறுத்திவிட்டால் அதில் பூட்டியது திறக்காது. இரண்டு மூன்று நாள் முன்பு பூட்டினால் போதும்.

கட்டுப்பாட்டு அலுவலரின் இரும்புப் பெட்டியில் முத்திரை வைத்த காகித உறை ஒன்று எப்போதும் இருக்கட்டும். 9.35 வரை கோப்பு திறக்கவில்லை என்றால் தலைமைக் கண்காணிப்பாளரும் எக்ஸ்டர்னலும் கையெழுத்துப் போட்டு அதைப் பிரிக்கிறார்கள். மடிக்கணினியோடு அதற்கு மேல் போராடுவதில்லை.