பேங்க் கணக்கில் வந்ததை மட்டும் கூட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன்

2024-25க்கான வருமான வரி ரிட்டர்னை ஒருவழியாகப் போட்டு முடித்துவிட்டேன். கடைசித் தேதி ஜூலை 31இலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் முடிந்திருக்காது. ஜூன் நடுவில் உட்கார்ந்தவன் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் எழுந்தேன். மாடித் தோட்டம் பற்றி வீடியோ போடுகிறவன் நான், வேறு வேலை கிடையாது. வருமானம் இரண்டே வழிதான்: யூடியூப் விளம்பரப் பணம், அப்புறம் உரம், விதை, சொட்டுநீர் கம்பெனிகளின் ஸ்பான்சர் வீடியோ. இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது, பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, வந்த வரவையெல்லாம் கூட்டி, செலவைக் கழித்தால் ஆயிற்று என்று ஆடிட்டரிடம் போனேன். அவர் வருமான வரித் தளத்தில், என் பெயரில் பதிவான வரவையும் பிடித்த வரியையும் காட்டும் ஏஐஎஸ், 26ஏஎஸ் என்ற இரண்டு பட்டியல்களைத் திறந்து என் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒத்துவரலையே" என்றார்.

ஒத்துவராததற்குக் காரணம், என் பேங்க்குக்கு வந்ததெல்லாம் யாராவது ஏதாவது பிடித்த பிறகு வந்த மிச்சம். வருமானமாகக் காட்ட வேண்டியது பிடிப்பதற்கு முந்தைய முழுத்தொகை. இதை நான் மாதாமாதம் எழுதி வைத்திருந்தால் அரை நாள் வேலை. எழுதாததால் மூன்று மாதம்.

முதலில் யூடியூப் பணம். அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் வருமானத்தில் மட்டும், வரி விவரம் கொடுத்திருக்கும் இந்தியர்களுக்கு 15 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் அங்கே நிறையப் பேர் தோட்டம் போடுகிறார்கள் என்பதால் எனக்கு அது கொஞ்சம் கணிசமாகவே வரும். அந்த வருஷம் மொத்தம் 200 டாலர் பிடித்திருந்தார்கள், சுமார் 16,800 ரூபாய். இது பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எங்கேயும் தெரியாது. யூடியூப் பணத்தை அனுப்பும் ஆட்சென்ஸில் யூடியூப்புக்கான பேமென்ட்ஸ் கணக்கைத் தேர்ந்தெடுத்து Transactions பக்கத்தில் ஒவ்வொரு மாதமாகத் திறந்தால்தான் வரிப்பிடித்தம் தனிப் பதிவாக இருக்கும். அந்த 16,800 ரூபாயை வருமானத்தோடு சேர்க்க வேண்டும், பிறகு வெளிநாட்டில் கட்டிய வரி என்று படிவம் 67 போட்டு இங்கே கழிக்கக் கேட்கலாம்.

இதில் நான் விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். அமெரிக்க வரிக்கு ஆதாரமாக 1042-S என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் இருந்த தொகையை அப்படியே எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டேன். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆக, 2024 படிவத்தில் முதல் மூன்று மாதம் நமக்கு வேண்டாதது, 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் அதில் இல்லவே இல்லை. ஆடிட்டர் கேட்ட பிறகு பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன். மாத வாரியாக இருந்தது இன்னொன்றுக்கும் உதவியது: டாலரை ரூபாயாக்க பேங்க் கொடுத்த விலையைப் போடக் கூடாது, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலையை எடுக்க வேண்டும். ஒரே கூட்டுத்தொகையாக வைத்திருந்தால் அதையும் போட முடியாது.

இவ்வளவு செய்தும் 16,800 முழுதாகத் திரும்பவில்லை. அந்த அமெரிக்க வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருமோ, அங்கே எவ்வளவு கட்டினோமோ, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். செலவெல்லாம் போக என் வருமானம் 8,40,000. புதிய முறையில் வரி 35,360, அதாவது வருமானத்தில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்கப் பங்கு சுமார் 1,12,000 ரூபாய் என்றால் அதன் மேல் இங்கே வரும் வரி 4,700 சொச்சம். அவ்வளவுதான் கழிந்தது. வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்து வரியே வராமல் போயிருந்தால் அந்த வருஷம் ஒரு ரூபாய்கூடக் கழிந்திருக்காது. இன்னொன்று, நானாகவே ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில் பாதி நிரப்பி வைத்திருந்தேன், அதில் வெளிநாட்டு வரியைக் காட்ட இடமே இல்லை. ஐடிஆர்-3க்கு மாற்றி முதலில் இருந்து தொடங்கினோம்.

அடுத்தது ஸ்பான்சர்கள். என் ரத்தக் கொதிப்பு ஏறியது இங்கேதான்.

2024 ஆகஸ்டில் ஒரு கம்பெனிக்கு வீடியோ செய்து 60,000 ரூபாய்க்கு பில் கொடுத்தேன். டிடிஎஸ் என்று 10 சதவீதத்தை முன்கூட்டியே வரியாகப் பிடித்து 54,000 அனுப்பினார்கள். பிடித்த 6,000 என் 26ஏஎஸ்ஸில் இருக்க வேண்டும், இல்லை. கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தால் "நாங்க கட்டியாச்சு சார், உங்க பக்கம் பாருங்க" என்றார் அங்கிருந்த மேடம். எந்தப் பான் எண்ணில் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, தங்கள் ஆடிட்டர் ஊரில் இல்லை என்பதில் தொடங்கி, அந்த வருஷ ஃபைல் மூடியாச்சு என்பது வரை எட்டு முறை பதில் சொன்னார்கள். நேரில் போனால் நடக்குமென்று 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன், அன்றைக்கு அவர் விடுப்பு. கடைசியில் பில், பணம் வந்ததைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், பான் அட்டை நகல் மூன்றையும் ஒரே மெயிலில் வைத்து, "இந்தப் பணத்துக்கான படிவம் 16ஏ அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினேன். அதுதான் வேலை செய்தது. அந்தச் சான்றிதழை எடுக்கப் போனபோதுதான் என் பானில் இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்திருந்தது அவர்களுக்கே தெரிந்தது. டிடிஎஸ் ஸ்டேட்மென்ட்டைத் திருத்திப் போட்டு, ஆகஸ்ட் கடைசியில் என் 26ஏஎஸ்ஸில் 6,000 ஏறியது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பதிவைக் காட்டினேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதை நான் 2024 நவம்பரிலேயே பார்த்திருக்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிடித்ததற்கு அவர்கள் அக்டோபர் 31க்குள் ஸ்டேட்மென்ட் போட்டாக வேண்டும். மற்ற காலாண்டுகளுக்கு ஜூலை 31, ஜனவரி 31, மே 31. அந்தத் தேதிகளில் இருந்து இரண்டு வாரம் கழித்து 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்தால் போதும். சூடாக இருக்கும்போது ஒரு மெயிலில் முடியும், பத்து மாதம் ஆன பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொரு கம்பெனி நேர் எதிர். மார்ச் மாதம் கொடுத்த 45,000 ரூபாய் பில்லுக்கு மார்ச்சிலேயே கணக்கெழுதி 4,500 டிடிஎஸ்ஸும் கட்டிவிட்டார்கள், பணம் 40,500 எனக்கு வந்தது மே மாதம். ஏஐஎஸ் அதை 2024-25 வருமானம் என்கிறது, என் பேங்க் 2025-26 என்கிறது. நான் எப்போதும் பணம் கைக்கு வரும் நாளை வைத்துத்தான் கணக்கெழுதுகிறேன் என்பதால், அந்த 45,000ஐ அடுத்த வருஷத்தில் காட்டுவது, 4,500 ரூபாய் கிரெடிட்டையும் அதோடு அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவது என்று ஆடிட்டர் முடிவு செய்தார். ரிட்டர்னில் டிடிஎஸ் அட்டவணையில் அதற்குக் கட்டம் இருக்கிறது. வருமானத்தைத் தள்ளிவைத்துவிட்டு டிடிஎஸ்ஸை மட்டும் இந்த வருஷமே கேட்கக் கூடாது, அதில் மட்டும் கறாராக இருந்தார். பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்காவிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பணமே வராத வருமானமும் ஒன்று இருந்தது. ஒரு சொட்டுநீர் செட், விலை 28,000. வீடியோ போட்ட பிறகு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அனுப்பும் முன் 2,800 ரூபாய் யூபிஐயில் கேட்டார்கள், டெலிவரிச் செலவு என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அது வரி. ஒரே இடத்தில் இருந்து வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாக வாங்கினால் அந்த வருஷம் இருந்த 194ஆர் பிரிவில் 10 சதவீதம் கட்ட வேண்டும், அந்த 28,000 ஏஐஎஸ்ஸில் என் வருமானமாக உட்கார்ந்திருந்தது. திருப்பி அனுப்பியிருந்தால் வருமானம் இல்லை. வைத்துக்கொண்டதால் சேர்க்க வேண்டியதாயிற்று, ஆனால் தொழிலுக்குப் பயன்படுத்துவதால் அதன் விலையை வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும் தேய்மானமும் ஆடிட்டர் போட்டுக்கொடுத்தார்.

செலவுப் பக்கம் வேறு மாதிரி அடி. வீட்டு மளிகையும் சேனல் செலவும் ஒரே யூபிஐயில் போனதால், 40 பக்க ஸ்டேட்மென்ட்டில் எது விதை வாங்கியது, எது வெங்காயம் வாங்கியது என்று தெரியவில்லை. மண் கலவை, தொட்டி வாங்கிய கடைகளின் ரசீதுகள் அந்தச் சூட்டில் அச்சாகும் தாளில் வெளுத்து வெள்ளைத்தாளாகக் கிடந்தன. கேமராமேனுக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த 12,000 முழுக்கவே செலவில் சேரவில்லை, ஒருவருக்கு ஒரு நாளில் 10,000க்கு மேல் ரொக்கம் என்றால் ஏற்க மாட்டார்கள். 2025 ஜனவரியில் 92,000 கொடுத்து வாங்கிய கேமராவை முழுச் செலவாகப் போட்டு வைத்திருந்தேன். அது தேய்மானத்தில்தான் வரும், வருஷம் 15 சதவீதம், அதுவும் அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியதால் பாதி. 6,900 ரூபாய்தான் கழிந்தது. செப்டம்பரில் வாங்கியிருந்தால் 13,800.

இப்போது சேனலுக்குத் தனி பேங்க் கணக்கு, அதற்கே தனி யூபிஐ. யூடியூப் பணம் 21இல் இருந்து 26க்குள் வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி காலை எக்செல் ஷீட்டைத் திறக்கிறேன். ஒரு வரவுக்கு ஒரு வரிசை: பில் தேதி, யார், முழுத்தொகை, பிடித்தது, கைக்கு வந்தது, வந்த தேதி, 26ஏஎஸ்ஸில் ஏறிவிட்டதா. அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு. ரசீதை வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து அந்த மாத ஃபோல்டரில் போடுகிறேன். மொத்தம் நாற்பது நிமிஷம் ஆகிறது. புது ஸ்பான்சருக்குப் பில் அனுப்பும்போது பான் எண்ணைப் பெரிய எழுத்தில் பில்லிலேயே அடித்துவிடுகிறேன், மெயிலில் தனியாக எழுதுவதில்லை.

கேட்டிருந்த ரீஃபண்ட் வந்துவிட்டது. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோன 4,500 மட்டும் மறக்காமல் இருக்க ஷீட்டின் முதல் வரிசையில் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன், 2026இல் ரிட்டர்ன் போடும்போது முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.