பிராஜெக்ட் பேட்ச்சில் ஒருவன் ஓயாமல் உதவினான்

வைவா முடிந்து பத்து நாள் ஆகிறது. மனசு இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. என் நிலைமையில் யாராவது இருந்தால், ஒரு பையன் செய்யும் உதவிக்கு நான் மூன்று மாதம் தவறாகப் படித்த அர்த்தத்தை அவர்களாவது சரியாகப் படிக்கட்டும்.

எங்கள் பேட்ச்சில் நான்கு பேர். மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டும் கருவிதான் பிராஜெக்ட். சர்க்யூட் என் பொறுப்பு, கோடிங் ஓயாமல் உதவிய அவன் பொறுப்பு, ரிப்போர்ட்டும் பிபிடியும் மற்ற இருவர் பொறுப்பு. முதல் ரெவ்யூ வரை ஒரு பிரச்சினையும் இல்லை.

உதவி ஆரம்பித்தது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில். சென்சார் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்பிப் போனேன். அன்றைக்குப் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அரை நாள் போனது. குரூப்பில் சொன்னதும் அவன், "நீ அலையாதே, நான் பார்த்துக்கறேன்" என்றான். திங்கட்கிழமை சென்சார், ரெசிஸ்டர், ஒயர் எல்லாம் வாங்கி வந்து என் மேசையில் வைத்தான். பில்லைக் கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. நான் போட்ட சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால், மறுநாள் காலை அது சரியாகியிருக்கும். ரெக்கார்டில் படம் வரையவில்லை என்றால் அவன் வரைந்திருப்பான். நான் ரயிலேறிய பிறகு, "சேர்ந்துட்டியா?" என்று மெசேஜ் வரும். செங்கல்பட்டு லோக்கலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். என் தோழி, "உன் மேல அவனுக்கு ஒரு இது இருக்குடி, இல்லைன்னா எவன் இவ்வளவு செய்வான்?" என்றாள். அதை நம்ப எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடி விழுந்தது இரண்டாவது ரெவ்யூவில். கருவி நன்றாகவே ஓடியது. பேனலில் இருந்த சார் பிரெட்போர்டைப் பார்த்துவிட்டு, "சர்க்யூட் யாரும்மா? இந்த ரெண்டு ரெசிஸ்டர் எதுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டையும் வைத்தது நானில்லை. முந்தின நாள் இரவு அவன் வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்து பதில் சொல்லப் போனான். "அவங்க சொல்லட்டும்" என்று சார் நிறுத்திவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைடு மேடம் வெளியே வந்து, "மார்க் ஆளாளுக்குத் தனித்தனியா போடுவாங்க, தெரியும்ல?" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிடித்தவளை இப்படி மாட்டி விடுவானா என்ற கேள்விதான் ஓடியது. முதல்முறையாக, தோழி சொன்னதை எடுத்து வைத்துவிட்டு நடந்ததை மட்டும் பார்த்தேன்.

வாட்ஸ்அப்பில் மேலே போய்ப் பொங்கல் விடுமுறையைத் தேடினேன். அந்த நாட்களில் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் கூட இல்லை. வாழ்த்தும் இல்லை. "சேர்ந்துட்டியா?" வந்த நாட்களைப் பார்த்தேன். போர்டும் சென்சாரும் என் பையில் இருந்த நாட்கள் மட்டும்தான் அவை. அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. என் அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தது அவனுக்குத் தெரியாது, அவன் கேட்டதும் இல்லை. என் சர்க்யூட்டில் எந்தப் பின் எங்கே போகிறது என்பது மட்டும் அவனுக்கு அத்துப்படி.

இன்னொன்று. ரிப்போர்ட் எழுதின பையனுக்கும் அவன் இரண்டு சாப்டர் டைப் செய்து கொடுத்திருக்கிறான். இதை நான் கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். ஒருவன் உதவுகிறான் என்றால், மற்றவர்களுக்கும் அதே அளவு உதவுகிறானா என்று முதலில் விசாரியுங்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது நேரம். நம்மோடு இருக்க ஆசைப்படுகிறவன் வேலையைச் சொல்லிக்கொடுப்பான், பக்கத்தில் உட்கார்ந்து இழுப்பான், பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். இவன் எப்போதும், "கொடு, நான் முடிச்சிடறேன்" என்றுதான் வாங்கிக்கொண்டு போனான். என்னோடு இருக்கும் நேரத்தை அவன் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

மறுநாளே கேட்டுவிடலாம் என்று தோழி சொன்னாள். நான் கேட்கவில்லை, அந்த ஒரு முடிவுக்காக இன்றும் நிம்மதி. வைவா முடியும்வரை நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் அந்த மேசை கெட்டுப்போயிருக்கும். அதற்குப் பதிலாக அவனிடம், "இனிமேல் என் சர்க்யூட்டைத் தொடாதே, தப்பா இருந்தா சொல்லு, நானே மாத்திக்கறேன்" என்றேன். அவன் முகம் வாடவில்லை, கோபமும் இல்லை. "பிராமிஸா முடிச்சிடுவியா?" என்று இரண்டு முறை கேட்டான். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை முழு பிரெட்போர்டையும் பிரித்து முதலிலிருந்து போட்டேன். ரெசிஸ்டர் விஷயம் அப்போதுதான் புரிந்தது. அந்த அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும். எங்கள் போர்டு 3.3 வோல்ட்டில் ஓடுவது, நேராகக் கொடுத்தால் பின் கெட்டுப்போகலாம். எக்கோவுக்கும் போர்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட்தான் உள்ளே போகும். வைவாவில் எக்ஸ்டர்னல் வேறு எதையோ கேட்க ஆரம்பித்தார். நானே அந்த ரெசிஸ்டரைக் காட்டி விளக்கினேன். அவர் தலையாட்டினார். இரண்டாவது ரெவ்யூவில் போன மானம் அங்கே திரும்பி வந்தது.

வெளியே டீக்கடையில் மற்ற இருவரும் போன பிறகு கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "நீ எனக்கு நிறைய செஞ்சிருக்கே. அதில் பிராஜெக்ட்டைத் தாண்டி ஏதாவது இருக்கா? இல்லைன்னாலும் பரவாயில்லை, தெரிஞ்சுக்கணும்."

அவன் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தான். பிறகு சொன்னான். அவனுக்குக் கிடைத்த வேலையின் ஆஃபர் லெட்டரில், கடைசி செமஸ்டரில் ஒரு அரியர் கூட இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு வேலை போய் எட்டு மாதம். பிராஜெக்ட் விழுந்தால் எல்லாம் விழும் என்ற பயத்தில் நாலு பேர் வேலையையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். "உன்னை அப்படி நினைச்சுப் பார்க்கலை. நான் நடந்துக்கிட்டது அப்படித் தெரிஞ்சிருந்தா சாரி" என்றான்.

வலித்தது. ஆனால் அவன் என் கண்ணைப் பார்த்துச் சொன்னான், இழுக்கவில்லை. "அந்த ரெண்டு ரெசிஸ்டர் வெச்சதை உன்கிட்ட சொல்லியிருக்கணும், அது என் தப்பு" என்றும் அவனாகவே சொன்னான். நான் எதிர்பார்த்த வார்த்தை அது இல்லைதான். இருந்தாலும் ரெவ்யூ நாளிலிருந்து எனக்குத் தேவைப்பட்டது அதுவும்தான்.

சாமான் வாங்கின பில்லை அன்றைக்குக் கேட்டு வாங்கி, என் பங்கை அங்கேயே ஜிபே செய்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். போர்டு டிபார்ட்மெண்டில் இருந்தது. அன்றிரவு மெசேஜ் எதுவும் வரவில்லை.